இரண்டு வாரச் சர்க்கரை, ஒரே நாளின் படத்தில்

சர்க்கரையை இரவு பகலாக அளக்கக் கையில் ஒட்டும் சென்சாரைக் கழற்றியதும், ஏஜிபி என்ற அறிக்கையைத் தருவார்கள். இரண்டு வார அளவுகளை ஒரே நாளின் படமாகக் காட்டும் அந்த அறிக்கையில், பெரும்பாலோர் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதன் நடுவில் இருக்கும் படத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைக் குறித்துக்கொள்கிறது. 14 நாள் கோடுகளையும் 14 கண்ணாடித் தாள்களில் வரைந்து, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வருவதுதான் இந்தப் படம். நடுவில் ஓடும் தடித்த கோடு, அந்தந்த நேரத்துக்கான நடு அளவு: பாதி அளவுகள் அதற்கு மேலே, பாதி கீழே. அதை ஒட்டிய அடர்ந்த பட்டைக்குள் பாதி அளவுகள் அடங்கும். வெளியே இருக்கும் வெளிறிய பட்டையையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பங்கு அடங்கிவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். வெளிறிய பட்டையின் கீழ் விளிம்பு 5 சதவீதக் கோடு, அதாவது அதற்குக் கீழே 5 சதவீத அளவுகளே இருக்கும். 14 நாளில் 5 சதவீதம் என்பது ஒரு நாள்கூட இல்லை. ஆகவே ஓரிரு நாள் கோளாறே அந்த விளிம்பைக் கீழே இழுத்துவிடும். அடர்ந்த பட்டையின் கீழ் விளிம்பு 25 சதவீதக் கோடு. அது இறங்க வேண்டுமென்றால் மூன்று நான்கு நாளாவது அதே நேரத்தில் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். வெளிறியது மட்டும் இறங்கினால் எப்போதோ நடந்தது. அடர்ந்ததும் சேர்ந்து இறங்கினால் அது வழக்கமாகிவிட்டது.

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் எடுத்து விற்கும் 56 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு இட்லியோடு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுகிறார். சராசரி 150. அதிலிருந்து கணக்கிடும் ஜிஎம்ஐ, அதாவது எச்பிஏ1சி-க்கு இணையான மதிப்பீடு, 6.9. சர்க்கரை 70 முதல் 180 வரை இருந்த நேரம் 72 சதவீதம்; இது 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். 180-க்கு மேல் 24 சதவீதம், 70-க்குக் கீழே 4 சதவீதம். இந்தத் தாழ்நிலை நேரம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் எல்லையில் நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், 'பரவாயில்லையே' என்றுதான் தோன்றும்.

4 சதவீதம் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம் என்று நினைக்கக் கூடாது, அது எல்லா நாளும் சமமாக வருவதில்லை. படத்தில் இரண்டு பள்ளங்கள் தெரிகின்றன. ஒன்று இரவு 3 மணிக்கு: வெளிறிய விளிம்பு 55-க்கு இறங்குகிறது, அடர்ந்த பட்டை 105-க்கு மேலேயே நிற்கிறது. இன்னொன்று பகல் 12 முதல் 2 வரை: அங்கே அடர்ந்த விளிம்பே 70-ஐத் தொடுகிறது.

இரவுப் பள்ளம்தான் முதலில் பயமுறுத்தும். அறிக்கையின் அடியில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக இருக்கும் சின்னப் படங்களைப் பார்த்தால் கதை மாறுகிறது. இரண்டு இரவுகளில் மட்டும் கோடு செங்குத்தாக விழுந்து, ஒரு மணி நேரத்தில் அதே வேகத்தில் எழுகிறது. சென்சார் இருக்கும் கைமேல் படுத்துத் தூங்கினால், அழுத்தத்தால் அந்த இடத்துத் திசுநீரில் குளுக்கோஸ் குறைந்து இப்படித்தான் காட்டும். புரண்டு படுத்ததும் சரியாகிவிடும். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி இது பொய்ப் பள்ளம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை சென்சார் அலாரம் அடிக்கும்போது விரல்நுனியில் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

பகல் பள்ளம் வேறு மாதிரி. நான்கு நாட்களில் காலை 10 மணியிலிருந்து கோடு மெல்லச் சரிந்து, 12 மணிக்கு 70-க்குக் கீழே போய், இரண்டரை மணிக்குச் சாப்பிட்ட பிறகுதான் ஏறுகிறது. ஏலம் இழுத்துக்கொண்டு போய், சாப்பாடு தள்ளிப்போன நாட்கள் அவை. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வேலை கடுமையாகி, சாப்பாடும் தாமதமானால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். வியர்வையும் நடுக்கமும் வந்தால் 'வெயில்தான்' என்று அவர் விட்டுவிடக்கூடும். அதனால்தான் இந்தப் படம் முக்கியம். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், மாற்று மருந்து தரலாம். தானாக நிறுத்தினால், ஏற்கெனவே 200 வரை ஏறும் காலைச் சர்க்கரை இன்னும் ஏறும்.

அறிக்கையை நம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. சென்சார் குறைந்தது 70 சதவீத நேரம், அதாவது ஏறக்குறைய 10 நாள் அளவாவது பதிவு செய்திருக்க வேண்டும். அப்புறம், அந்த இரண்டு வாரம் எந்த இரண்டு வாரம் என்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது எடுத்த அறிக்கையில், வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடும் அவருடைய பகல் பள்ளம் காணாமலே போயிருக்கலாம். தொழில் நடக்கும் மாதத்தில் சென்சார் போட்டு, ஏல நாட்களையும் சாப்பிட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால், டாக்டர் ஒவ்வொரு நாள் படத்தோடும் வைத்துப் பார்க்க முடியும்.