கரோக்கே: சொல்லும் அது விட்டுவைக்கும் இடமும்

கராத்தே என்பதற்கு ‘வெறுங்கை’ என்று பொருள். அதில் வரும் அதே ‘கரா’தான் கரோக்கேயிலும் இருக்கிறது. வெற்று, காலி என்று அர்த்தம். மீதி ‘ஓகே’, ஆர்கெஸ்ட்ராவை ஜப்பானியர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டது. பாடகர் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்த நாடாவை இசைத்தொழிலில் இருந்தவர்கள் இப்படிக் குறித்தார்கள். ஆர்கெஸ்ட்ரா கிரேக்கச் சொல். பழைய கிரேக்க அரங்கில் பாடற்குழு ஆடுகிற தரைக்குத்தான் அந்தப் பெயர். ஆக, வேரில் பார்த்தால் கரோக்கே ஒரு காலி இடம்.

கோபே நகரில் மதுக்கூடங்களில் வாசித்து வந்த டைசுகே இனோவே 1971இல் காசு போட்டால் நாம் பாடுவதற்குப் பின்னணி இசை தரும் கருவியைச் செய்தார். அவருக்கு முன்பும் இப்படிக் கருவி செய்தவர்கள் உண்டு. ஆனால் இனோவேயின் தொடக்கம் நமக்கு முக்கியம். வாடிக்கையாளர் ஒருவர் தன் பயணத்தில் பாட வேண்டும், கூடவே வந்து வாசியுங்கள் என்று கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த வாடிக்கையாளர் பாடும் வேகத்துக்கும் குரலுக்கும் ஏற்ப வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்தார். பாடுபவர் தவறினால் காத்திருக்க மேடையில் ஆள் இருப்பார், நாடா காத்திருக்காது. அந்த வேலையைப் பாட்டை எழுதும்போதே செய்துவிட வேண்டும்.

இதற்குத் தேவையான சொற்கள் நம் கர்நாடக இசையில் ஏற்கெனவே இருக்கின்றன. வேகத்துக்குக் காலப்பிரமாணம், குரலின் உயரத்துக்குக் கட்டை, வரி தொடங்கும் புள்ளிக்கு எடுப்பு. தாளத்தின் முதல் அடியிலேயே பாட்டு தொடங்கினால் சம எடுப்பு. அடி விழுந்த பிறகு தொடங்கினால் அனாகத எடுப்பு; அரை இடம், ஒன்றரை இடம் என்று கச்சேரிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு எல்லாரும் பாட ஒரு பாட்டு எழுதினேன். பல்லவி, ‘மாடிப்படியில் மழை வந்து நிக்குது’. அரை இடம் தள்ளி எடுத்திருந்தேன். எனக்கு அது அழகாகப் பட்டது. ஒத்திகையில் பாடிய ஏழு பேரில் ஐந்து பேர் ‘மா’வைச் சமத்திலேயே போட்டார்கள். திரையில் எழுத்து நிறம் மாறுவதற்குள் இவர்கள் ‘டி’க்குப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேர் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள். பல்லவியைச் சமத்துக்கு மாற்றியதும் அந்தச் சிக்கல் போய்விட்டது.

சரணம்தான் படுத்தியது. இடையிசை முடிந்ததும் எங்கே நுழைவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி ஆவர்த்தனத்தில் தபலாவை நிறுத்தி, சரணத்தின் முதல் இரண்டு ஸ்வரங்களைப் புல்லாங்குழலில் வாசிக்க வைத்தேன். அப்புறம் யாரும் திரையைப் பார்த்துத் திணறவில்லை. சுருதி காதில் விழுந்துவிட்டால் வாய் தானாகத் திறக்கிறது.

வேகம் நிமிடத்துக்கு 80 அடி. அப்படியானால் ஓர் அடிக்கு முக்கால் நொடி. எட்டு அடிகள் கொண்ட வரியில் ஆறு அடிகளுக்கு மட்டும் சொற்களை வைத்தேன்: பாட நாலரை நொடி, மூச்சு வாங்க ஒன்றரை நொடி. முதல் வரைவில் எட்டையும் நிரப்பியிருந்தேன். மூன்றாம் வரியிலேயே எல்லாரும் கடைசிச் சொல்லை விழுங்கினார்கள். வரி முடிவைக் கவனித்தாலே மூச்சுக்கு இடமில்லை என்பது தெரிந்துவிடும். கடைசியில் வேகத்தைக் குறைத்து முடிக்கும் ஆசையையும் விட்டேன். பாடுபவர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார், இசை பின்னால் நின்றுவிடும்.

மெட்டு கீழ் பஞ்சமத்திலிருந்து நடு தைவதம் வரைதான் போகிறது; ஒரு ஸ்தாயியும் ஒரு ஸ்வரமும். தைவதத்தைச் சரணத்தில் ஒரே இடத்தில், ‘ஆ’ என்ற திறந்த உயிரில் வைத்தேன். மேலே போகும்போது ‘ஈ’ வந்தால் பழக்கமில்லாத தொண்டை இறுகும். ஆண்களுக்கு 3 கட்டை சரியாக இருந்தது. பெண்களுக்குத் தனியாக ஒரு டிராக் 5½ கட்டையில் தேவைப்பட்டது. ஒரே சுருதியில் இரு குரலுக்கும் வசதி செய்ய எனக்கு வழி கிடைக்கவில்லை.

சரி, கரோக்கேக்குத் தமிழ் என்ன? ‘வெற்றிசை’ நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் காதில் வெற்றி விழா மாதிரி கேட்கிறது. ‘குரலிலா இசை’ என்றால் நாதஸ்வரக் கச்சேரியும் அதில் அடங்கிவிடும். அதில் குரலுக்கு இடம் காலியாகக் கிடப்பதில்லை. என் தேர்வு ‘பாடுவெளி’. பாடிய, பாடுகிற, பாடும் வெளி என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. பேச்சில் கரோக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அழைப்பிதழில் ‘மாலை 6 மணிக்குப் பாடுவெளி’ என்று போட்டோம். என்ன அர்த்தம் என்று கேட்டவர்களிடம், ‘இசை இருக்கும், பாட்டு நீங்கள்தான்’ என்றேன்.