பென்சில் வளையும், பார்டர் வளையாது

பெங்களூரு அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கல்யாண சீசனிலும் அதே சண்டைதான். "அக்கா, நீங்க வரைஞ்சது ஒண்ணு, தைச்சது ஒண்ணு!"

வாயால் சொல்லும் டிசைனை நான் பேப்பரில் வரைந்து காட்டுவேன். 'கொஞ்சம் இறக்கம்' என்றால் ஒருவருக்கு 7 அங்குலம், இன்னொருவருக்கு 10. அதனால் முதுகில் எதுவரை என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, டேப் வைத்து அளந்த பிறகுதான் பென்சிலை எடுப்பேன். இவ்வளவு செய்தும் அது படம்தான் அம்மா, பிளவுஸ் இல்லை!

சமீபத்தில் தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப் பிளவுஸ் கேட்டு ஒரு பெண் வந்தார். உயரம் 14 அங்குலம், பின்னால் பானைக் கழுத்து 10 அங்குலம், முன்கழுத்தும் நல்ல அகலம், கயிறு கூடாது, கழுத்தைச் சுற்றிப் புடவையின் ஜரிகை பார்டர். வரைந்தேன், அழகாகத்தான் இருந்தது. தோள் நிற்காது என்று சொன்னதற்கு, "படத்துல நிக்குதே" என்றார். படத்தில் இருப்பவள் கையைத் தூக்குவதில்லையே!

பின்னால் 10 அங்குலம் போனால் மிச்சம் கீழே 4 அங்குலப் பட்டைதான். மேலே இரண்டு தோளையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன்கழுத்தும் அகலமானால் தோள்துணி சரிவில் உட்கார்ந்து கைப்பக்கம் நழுவும். தையலை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. இறுக்கினால் அக்குள் வெட்டும், தோள் அப்படியேதான் விழும். முன்கழுத்தைக் குறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கயிறு கட்ட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பார்டர் கதையும் அப்படித்தான். அது நேராக நெய்தது. வளைவில் வைத்துத் தைத்தால் உள்விளிம்பில் சுருக்கம் விழும். வெட்டி ஒட்டுப்போட்டால் ஜரிகையின் கோலம் உடையும். வளைந்த கழுத்துக்குக் குறுக்கு வாட்டத்தில் வெட்டிய பைப்பிங்கோ, ஆரி வேலையோதான் சரி. பார்டரைக் கைக்கு வையுங்கள், கை விளிம்பு நேர்தானே. (கலர் பென்சிலில் தீட்டிக் கேட்பவர்களுக்கு: அந்த மினுமினுப்பு பென்சிலுடையது, உங்கள் பட்டுடையது அல்ல.)

கடைசியில் அந்தப் பெண் கயிறுக்குச் சம்மதித்தார். அதுவும் காடாத் துணியில் மாதிரி பிளவுஸ் வெட்டி, ஓரம் இணைத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான்.

சரி, வரும்போது கல்யாணத்தன்று போடப்போகும் பிராவையே போட்டுக்கொண்டு வாருங்கள். படத்தில் ஸ்ட்ராப் தெரியாது, முதுகில் தெரியும். புடவையையும் எடுத்து வாருங்கள், போட்டோ போதாது. படத்தின் மேல் நான் எழுதும் இறக்கம், அகலம் இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். காடாவைப் போட்டுக் கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். ஆரி வேலை கழுத்தைக் குறித்த கோட்டின் மேல், துணியை வெட்டுவதற்கு முன்பே போடுவது. வேலை முடிந்து வந்த துணியைக் காட்டி, "அரை இன்ச் ஏத்திடுங்க அக்கா" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.