நீண்ட விக்கைப் பார்த்ததும் வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறையில் வருமான வரிக் கணக்கு பார்க்கும் எனக்கு, தேங்காய் மண்டிக் கணக்குகளோடு இப்போது கிரிப்டோ கணக்குகளும் வருகின்றன. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் கொண்டுவரும் எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மென்ட்டுகளில் ஒரே மாதிரியான வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சந்தை சரிந்த நாளில் சில நிமிட இடைவெளியில் நாலைந்து முறை வாங்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த விலையில், முந்தையதைவிடப் பெரிய தொகையில். கடைசி வரியில் 'லிக்விடேஷன்' என்று இருக்கும்.

"இவ்வளவு நீளமா விக் விட்டிருக்குதுங்ண்ணா, இதுக்கு மேல எங்கீங்க இறங்கப் போகுது?" என்று அண்மையில் ஒருவர் கேட்டார். விலை வரைபடத்தில் குறிப்பிட்ட நேரத்தின் விலை நகர்வைக் காட்டும் கட்டைதான் கேண்டில்; அதன் அடியில் நீளும் மெல்லிய கோட்டைத்தான் அவர் விக் என்கிறார். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், விலை ஏன் அப்படிப் பாய்ந்து இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கையில் உள்ளதைப் போல் பத்து மடங்குக்கு, அதாவது பத்து மடங்கு லீவரேஜில், வாங்கியவருக்கு விலை கிட்டத்தட்ட பத்து சதவீதம் இறங்கினாலே கட்டிய பணம் தீர்ந்துவிடும். உடனே எக்ஸ்சேஞ்ச் அவர் வாங்கியதை, அதாவது அவருடைய நிலையை, தானாகவே விற்றுவிடும். இதுதான் லிக்விடேஷன். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்க, அடுத்த படியில் இருப்பவரும் அதே கதிக்கு ஆளாகிறார். வழக்கமாக வாங்கும் ஆர்டர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அந்த நேரத்தில் ஒதுங்கிக்கொள்வதால் ஆர்டர் புக் காலியாகிவிடும். சிறிய விற்பனைகூட விலையை ஆழத்துக்கு இழுத்துவிடும். கட்டாய விற்பனை தீர்ந்தபின் விலை துள்ளி மேலே வரும்போதுதான் கேண்டிலின் அடியில் நீண்ட விக் உருவாகிறது. விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அங்கே விக் கிடையாது, சிவப்பு உடல் மட்டும்தான். ஆகவே கேண்டில் முடியும் முன் "விக்கை வாங்கினேன்" என்பவர் உண்மையில் வாங்கியது சரிவைத்தான்.

கேண்டில் முடிந்தாலும் போதாது. 2020 மார்ச் 12-ஐ எடுத்துக்கொள்வோம். நம் நேரப்படி அன்று மாலை, 7,000 டாலருக்கு மேல் இருந்த பிட்காயின் வேகமாக 6,000-க்குக் கீழே விழுந்து, மீண்டும் 6,000-ஐத் தாண்டி எழுந்தது. பார்ப்பதற்கு, விற்பவர்கள் எல்லாம் விற்றுத் தீர்த்ததைக் காட்டும் அசல் சரணாகதி விக். 5,800-இல் பத்து மடங்கு லீவரேஜோடு வாங்கியவர் சில மணி நேரம் லாபத்தில்கூட இருந்திருக்கலாம். மறுநாள் அதிகாலை இரண்டாவது அலை வந்து, விலை 4,000-க்கும் கீழே போனது. அவருடைய நிலை 5,250 அருகிலேயே முடிந்திருக்கும். மாலையில் துள்ளியதை நம்பி புதிதாக லீவரேஜ் எடுத்தவர்களே அதிகாலைச் சரிவுக்கு எரிபொருள் ஆனார்கள்.

இதை முன்கூட்டியே காட்டக்கூடியது, இன்னும் முடிக்கப்படாமல் திறந்திருக்கும் ஒப்பந்தங்களின் அளவான ஓப்பன் இன்டரெஸ்ட். சரிவுக்குப் பிறகு அது நன்றாக இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றால் லீவரேஜ் பெரும்பாலும் கழிந்துவிட்டது என்று கொள்ளலாம். விலை துள்ளும்போது அதுவும் வேகமாக ஏறினால், அடுத்த சரிவுக்கான சரக்கு சேர்கிறது. முடிவுத் தேதி இல்லாத ஃபியூச்சர்ஸான பெர்பெச்சுவலின் விலை, காயினை நேரடியாக வாங்கும் ஸ்பாட் விலையைவிடத் தாழ்ந்தே கிடந்தாலும் பொறுத்திருக்க வேண்டும். விற்கும் அழுத்தம் இன்னும் ஓயவில்லை.

நான் அதிகம் நம்புவது, விலை மறுபடியும் அடியை நோக்கி வந்து அதை உடைக்காமல் நிற்கும் மறுசோதனையைத்தான். அதே மார்ச் 16-ஆம் தேதி விலை மறுபடியும் சரிந்தது. ஆனால் முதல் அடியை நெருங்காமல் 4,400-க்கு மேலேயே நின்று, திரும்பவும் 5,000-ஐப் பிடித்தது. அங்கே ஸ்பாட்டில் வாங்கி 4,350-இல் ஸ்டாப் லாஸ் வைத்தால் ஆபத்து 13 சதவீதம். இழக்கத் தயாரான தொகை 5,000 ரூபாய் என்றால், வாங்க வேண்டியது சுமார் 38,000 ரூபாய்க்கு. அடிவிலையைவிட ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம், உண்மைதான். அதற்குப் பதிலாக, கணிப்பு தவறினால் எந்த விலையில் வெளியேற வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது. 5,800-இல் வாங்கியவரிடம் அந்தக் கோடு இல்லை.

சில சமயம் மறுசோதனையே வராமல் விலை ஏறிப் போய்விடும். அந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள். இங்கே என் தொழில் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. மூன்று முறை பத்தாயிரம் இழந்து நான்காவது முறை முப்பதாயிரம் எடுத்தால், கைக்கு வந்தது பூஜ்யம், ஆனால் வரி மட்டும் ஒன்பதாயிரமும் செஸ்ஸும். இந்தக் கணக்கைக் காட்டும்போதுதான் பலருக்கு முகம் மாறுகிறது.

உறுதி கிடைத்து வாங்கியபின்னும் ஸ்டாப் லாஸை எடுக்காதீர்கள். 2025 அக்டோபர் 10-இன் பெருஞ்சரிவுக்குப் பிறகு பிட்காயின் சில நாட்களிலேயே 1,15,000 டாலரைத் தொட்டது. நவம்பரில் 1,00,000-க்கும் கீழே வந்து, அக்டோபர் விக்கின் அடியையும் உடைத்துக்கொண்டு இறங்கியது.