திரையில் பளிச், பேனரில் கட்டம் கட்டமாய்

1920 × 1080 படம் 20 அங்குல அகலத் திரையை நிறைக்கும்போது அங்குலத்துக்கு 96 பிக்சல் வருகிறது, அதனால் பளிச்சென்று தெரியும். அதையே 12 அடி அகல ஃபிளெக்ஸில் அடித்தால் அங்குலத்துக்கு 13தான் மிஞ்சும். ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கட்டம்.

அதற்காக 300 பிக்சல் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் வீண்வேலை. 3438-ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், கண்ணுக்குப் போதுமான பிக்சல் கிடைக்கும். 7 அடி தள்ளி நின்றால் அங்குலத்துக்கு 41, பத்தடியில் 29.

இப்போது 12 × 6 அடி பேனருக்கு 4000 × 3000 பிக்சல் போட்டோ ஒன்று வந்திருக்கிறது என்று வையுங்கள். அகலம் முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்கு 28 பிக்சல். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் வெட்டுப்படும். பெரும்பாலும் தலையோ காலோ போகும். உயரத்தை 6 அடிக்குப் பொருத்தினால் கிட்டத்தட்ட 42 பிக்சல். ஆனால் படம் 8 அடியோடு நின்றுவிடும். மீதி 4 அடியைப் பின்னணியை நீட்டித்து நிரப்புவதே சரி.

ஃபோட்டோஷாப்பில் Image > Image Size போய், Resample டிக்கை எடுத்துவிட்டு உயரத்தை 72 அங்குலமாக்குங்கள். டிக்கோடு எண்ணை ஏற்றினால் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடைநிரப்பும்; படத்தில் இல்லாத விவரம் வராது. பிறகு Canvas Size-ல் 150 × 78 அங்குலம். ஃபிரேமில் மடித்து அடிக்க நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதல், மொத்தம் 6250 × 3250 பிக்சல்.

ஸ்டுடியோ திரை, வானம் போன்ற வழவழப்பான பின்னணி என்றால், ஓரத்தில் ஆள் படாத ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து Ctrl+J கொடுத்து, Ctrl+T-யில் Shift-ஐ அழுத்தியபடி வெளிப்பக்கமாக இழுத்தால் போதும். இழுத்த இடத்தில் போட்டோவின் பொடிப்புள்ளிகள் கோடுகளாக நீளும், சாயலும் பட்டை பட்டையாகப் பிரியும். திரையில் இதைக் கவனிக்கத் தவறினால் அச்சில் அப்பட்டமாகத் தெரியும். அந்த லேயரை 20 பிக்சல் அளவுக்கு Gaussian Blur செய்து, Add Noise-ல் 2 சதவீதம், Monochromatic டிக்கோடு தூவுங்கள்.

இலைக்கும் புல்லுக்கும் இழுவை ஆகாது. அங்கே Content-Aware Fill. ஆள் இருக்கும் பகுதியை மாதிரியிலிருந்து அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் செடிக்கு நடுவே தோள்பட்டை முளைக்கும். செங்கல் சுவரை நகலெடுத்து வரிசை பிசகாமல் ஒட்டுவதே நல்லது. கண்ணாடிபோல் புரட்டி ஒட்டுவது சோம்பேறித்தனம். ஒரே கறை இணைப்புக் கோட்டின் இரு பக்கமும் எதிரெதிராக நின்று காட்டிக்கொடுக்கும்.

எழுத்துகளை இந்தப் படத்தோடு கலக்காமல் வெக்டராகவே PDF-ல் அனுப்புங்கள்.

சரிபார்க்க, 96 பிக்சல் திரையில் 230 சதவீதம் பெரிதாக்கினால் அச்சின் உண்மை அளவு வரும். முகத்தையும் இணைப்பு இடங்களையும் அப்படி வைத்து, ஏழடி பின்னால் நின்று பாருங்கள்.