கனவில் வந்த குழந்தையிடம் வாக்குமூலம் வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். "கனவில் என்னையே சின்னப் பிள்ளையாகப் பார்த்தேன் மேடம். அப்படியென்றால் சிறுவயதில் எனக்கு ஏதோ நடந்திருக்கிறது, நான்தான் மறந்துவிட்டேன், இல்லையா?" முப்பத்தாறு வயதுப் பெண் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அப்போது என்னை யாரிடம் விட்டுவிட்டுப் போனாய்?" என்று கேட்டிருக்கிறார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

கனவு மூளைக்குள் பூட்டி வைத்த வீடியோ பதிவு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. கனவில் தெரிந்த சிறுமியை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மஞ்சள் கவுன், நெற்றியில் வெட்டிவிட்ட முடி என்றார். அந்தக் கவுனைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆல்பத்தில்" என்றார். ஆறு வயதில் இருந்த தன்னை எதிரே நின்று பார்த்தவர் அவர் இல்லையே. அந்த உருவம் புகைப்படத்திலிருந்தும் வீட்டார் சொன்ன கதைகளிலிருந்தும் நேற்றைய மனநிலையிலிருந்தும் சேர்ந்து உருவானது.

கனவுக்குத் தவறான விளக்கம் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உளவியலாளர்கள் ஜூலியானா மட்சோனியும் எலிசபெத் லாஃப்டஸும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999-இல் வெளியிட்டது. கலந்துகொண்டவர்களின் கனவைக் கேட்டுவிட்டு, மூன்று வயதுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை அது காட்டுகிறது என்று நிபுணர் ஒருவர் சொன்னார். 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று முன்பு சொன்னவர்களில் பலர், நடந்திருக்கலாம் என்று நம்பத் தொடங்கினார்கள். இதற்கு அரை மணி நேரப் பேச்சே போதுமாக இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் உண்மையிலேயே துன்பப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு கனவை மட்டும் வைத்து நடந்தது என்றும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, அந்தக் கனவுக்கு வருவோம். சிறுமி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது, இன்னொன்றின் வாரைக் கையில் பிடித்திருக்கிறாள். இவர் நாலைந்து படி கீழே நிற்கிறார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கனவை "இருக்கிறாள், நிற்கிறேன்" என்று நிகழ்காலத்தில் எழுதச் சொன்னேன், அர்த்தம் எதையும் சேர்க்காமல். அப்புறம் கேட்டது இரண்டே கேள்விகள். எழுந்தபோது உடம்பில் என்ன இருந்தது? இப்போது உங்களைச் சுற்றி ஆறு வயதில் யார் இருக்கிறார்கள்?

எழுந்தபோது தொண்டை அடைத்திருந்தது, பயம் இல்லை. அவருடைய மகளுக்குப் போன மாதம்தான் ஆறு முடிந்திருக்கிறது. தினமும் காலையில் அவளுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துவதாகச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. தன்னையும் யாரும் அந்த வயதில் காத்திருந்து கூட்டிப் போனதில்லை என்பது அவர் என்றுமே மறக்காத விஷயம்தான். 'உள்ளிருக்கும் குழந்தை' என்று நாங்கள் சொல்வது இப்படி இன்றும் வலிக்கிற தேவையைத்தான். உள்ளே தனியாக ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பிறகு, கண்ணைத் திறந்துகொண்டே, அந்தப் படிக்கட்டுக்கு மனதில் திரும்பிப் போனார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாம் என்றேன். இணையத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆனால் முகம் திருப்பியிருக்கிற குழந்தையை நிஜத்தில் அப்படி அள்ளுவோமா? இரண்டு படி கீழே உட்கார்ந்து, "நான் இங்கேயே இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பதில் வரவில்லை. செருப்பைப் பக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு அது போதும். பத்து நிமிடத்தில் நிறுத்தி, மனம் இங்கே திரும்பி வருவதற்காக அறையில் கண்ணில் படுகிற ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்ல வைத்தேன்.

வீட்டில் நீங்களாகச் செய்வதாக இருந்தால் பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள், படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். "உன்னை யார் என்ன செய்தார்கள்?" என்று அந்தக் குழந்தையைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனம் ஏதாவது ஒரு பதிலைத் தயாரித்துக் கொடுத்துவிடும். கனவில் வரும் குழந்தைக்கு அடிபட்டிருந்தாலோ, உங்கள் உடம்பு மரத்துப்போனாலோ, சுற்றியிருப்பவை நிஜமில்லாததுபோலத் தோன்றினாலோ, அதே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வந்து எழுப்பினாலோ தனியாகத் தொடராதீர்கள். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரிடம் போங்கள். முதல் சந்திப்பிலேயே அவர் உங்கள் கனவுக்கு அடித்துச் சொல்லும் விளக்கம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தயவுசெய்து, கனவை வைத்துப் பெற்றோரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தப் பெண் அம்மாவுக்கு மறுபடி ஃபோன் செய்ய ஐந்து வாரம் ஆனது. இந்த முறை கேட்டது, "அந்த மஞ்சள் கவுனை யார் தைத்தது?"