மாடித் தண்ணீரும் குழாயின் வாயும்

மொரீஷியஸில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தட்டையான கான்கிரீட் தளம்தான் வழக்கம். புயலுக்கு அது நல்லது, காற்று தூக்கிப் போக ஓடோ தகரமோ இல்லை. ஆனால் மழைத் தண்ணீரை உடனே இறக்கிவிடச் சரிவும் இல்லை. மேலே விழும் தண்ணீர் முழுவதும் இரண்டு மூன்று துளைகளைத் தேடிப் போய் இறங்கியாக வேண்டும். மாடி ஒழுகுகிறது என்றதும் எல்லோரும் தளத்தைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்தத் துளைகள் மேல்தான்.

ரோஸ் ஹில்லில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடி 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஆக 240 சதுர மீட்டர். தண்ணீர் இறங்க 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று கணக்குப் போடுவது மிகை ஆகாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் மணிக்கு 24,000 லிட்டர், நொடிக்கு ஏறக்குறைய 6.7 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும்.

குழாய் அந்த அளவைத் தாங்கும். சிக்கல் அதன் வாயில். மாடியில் தேங்கும் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஆழம்தான் இருக்கும், அதனால் குழாயை நிரப்பிக்கொண்டு பாயாது. வாயின் விளிம்பைச் சுற்றி வழிந்து விழும். எவ்வளவு வழியும் என்பது விளிம்பின் நீளத்தையும் அதன் மேல் நிற்கும் தண்ணீரின் உயரத்தையும் பொறுத்தது. உயரம் கொஞ்சம் கூடினாலே ஓட்டம் நன்றாகக் கூடும்: உயரம் இரு மடங்கானால் ஓட்டம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. நம் கட்டடத்தில் இரண்டு வாயும் சுத்தமாக இருந்தால், வாயருகே ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே வருவது அத்தனையும் போய்விடும். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றொன்றின் மேல் ஐந்தரை சென்டிமீட்டருக்கும் மேல் ஏறும். இரண்டும் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர், அதாவது தளத்தின் மேல் 24 டன் எடை. கைப்பிடிச் சுவரில் கீழ்மட்டத்தில் ஒரு வழிவுத் துளை விட்டிருந்தால் இந்தக் கடைசி நிலை வராது. அது இல்லாத கட்டடத்துக்கு முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வாயின் மேல் தட்டையான வலைமூடி போட்டிருந்தால் நாலு மாவிலை போதும், மழையே இலைகளைக் கொண்டுவந்து ஒட்டவைத்துவிடும். குமிழ் போல எழும்பி நிற்கும் வலைமூடியில் கீழ்ப்பக்கம் அடைத்தாலும் மேல்பக்கம் திறந்திருக்கும்.

சுத்தம் செய்யும்போது கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் முற்றத்தில் உள்ள வண்டல் தொட்டியையும், குழாயின் அடி வளைவில் இருக்கும் திறப்பையும் திறந்து மண்ணை அள்ள வேண்டும். பழைய சிமெண்ட் கலவை உறைந்து கிடப்பது பெரும்பாலும் அந்த வளைவில்தான். அப்புறம் மேலே போய்க் குப்பையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். குச்சியால் குத்திக் கீழே தள்ளிவிட்டு, "பார்த்தீர்களா, போய்விட்டது" என்பவரை நம்ப வேண்டாம். அது அடுத்த மழையில் அடி வளைவில் காத்திருக்கும். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே ஒருவரை நிறுத்தி, ஊற்றியது தயங்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, ஒழுகலுக்கு வருவோம். மேல் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கறை, ஓரத்தில் வெள்ளைப் பொடி. அந்தப் பொடி சிமெண்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்தது. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் நடந்துதான் வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பொடி இல்லாமல் வெறும் ஈரம் மட்டும் இருந்தால் சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைக் கூரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விட வேண்டும். தாளுக்கு உள்ளே ஈரம் கோத்தால் தண்ணீர் கான்கிரீட்டிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மழையே இல்லாத வாரத்திலும் கறை வளர்ந்தால் மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. தண்ணீர் புகாமலிருக்கத் தளத்தின் மேல் ஒட்டிய தார்ப் படலத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே புகுந்த தண்ணீர், வாட்டம் இருக்கும் பக்கம் ஓடி, விரிசல் கிடைக்கும் இடத்தில்தான் இறங்கும். நம் கட்டடத்தில் கறை, குழாயின் வாயான வடிவாய் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும்.

மணல் மூட்டையால் 30 சதுர மீட்டர் பகுதியை வளைத்து, அதில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் தண்ணீர் விட வேண்டும். பக்கத்தில் அகலமான பேசின் ஒன்றிலும் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். வெயிலில் ஆவியாவது எவ்வளவு என்பதை அந்தப் பேசின் சொல்லும். அது இல்லாமல் "தண்ணீர் குறைந்துவிட்டது" என்பதற்குப் பொருளே இல்லை. முதல் நாள் வடிவாயைச் சுற்றித் தனியாக மூட்டை அடுக்கி, அதை மட்டும் நனையாமல் விட வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பேசினில் 5 மில்லிமீட்டர், தளத்திலும் 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. ஆக, தளத்தின் படலம் நன்றாகவே இருக்கிறது. மறுநாள் உள் மூட்டைகளை எடுத்துவிட்டு, அடைப்பானைக் குழாய்க்குள் 20 சென்டிமீட்டர் கீழே இறக்கி, வாயும் நனையும்படி தண்ணீர் கட்ட வேண்டும். இப்போது பேசினில் 5, தளத்தில் 8. கூடுதலாகப் போன 3 மில்லிமீட்டர் என்பது 90 லிட்டர். போன இடம் வாயும் தளமும் சேரும் மூட்டு.

அந்த மூட்டு விட்டுப்போவது இயல்புதான். வெயிலில் பிவிசி குழாய் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு அதிகமாக நீளும், இரவில் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே பூசிய சிமெண்ட் எத்தனை வருடம் தாங்கும்? சரியான வேலை என்றால், வாயைச் சுற்றிப் பழைய படலத்தை வெட்டி எடுத்து, அகலமான விளிம்புள்ள வடிவாயைப் பதித்து, அந்த விளிம்பின் மேல் புதுப் படலம் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஏறும்படி சூடாக்கி ஒட்ட வேண்டும். சுவர் ஓரங்களில் படலம் 15 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கிறதா, சோலார் ஹீட்டரின் கால்கள் அதைக் குத்தியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஈரமான கான்கிரீட்டில் ஒட்டினால் உள்ளே அடைபட்ட நீர் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். புயல் பருவம் நவம்பரில் தொடங்குவதால், அதற்கு முந்தைய வறண்ட அக்டோபரில் இந்த வேலையை முடிப்பதுதான் சௌகரியம்.

உள்ளே கூரையில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று கட்டடத்தை நிர்வகிக்கும் சிண்டிக் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். மலிவாக இருக்கிறது என்று மற்றவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் அது தண்ணீர் வரும் வழியை அடைக்காது, வெளியேறும் வழியை மட்டும் மூடும். ஈரம் உள்ளேயே நின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து விழும். மூட்டைச் சரிசெய்த பிறகு, மறுபடியும் தண்ணீர் கட்டிப் பார்த்து, இந்த முறை பேசினும் தளமும் ஒரே அளவு குறைகின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். கான்கிரீட்டில் ஊறிய தண்ணீர் காயச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பிளாஸ்டிக் தாள் உள்பக்கம் ஈரமில்லாமல் வரும் வரைக்கும் பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம்.