மிருதங்கத்தின் வயது எங்கே இருக்கிறது?

"எண்பது வருடத்து மிருதங்கம், அந்தக் காலத்து நாதம்" என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால், வயது உண்மையாக இருக்கலாம். நாதத்தை மட்டும் நம்ப முடியாது. தொடர்ந்து கச்சேரியில் புழங்கும் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். எண்பது வயதுக் கட்டை என்றால் அது எத்தனையோ மூட்டுகளை, அதாவது வாயில் கட்டும் தோல்களை, மாற்றிப் பார்த்திருக்கும். இன்று நம் காதில் விழுவது பெரும்பாலும் கடைசியாகப் போட்ட தோலின் குரல்.

காரணம் வலந்தலையின் நடுவே உள்ள, சோறு எனப்படும் கரிய வட்டம். சோற்றுப் பசையில் கிட்டான் கல்லின் தூளைக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசித் தேய்த்து அதை உருவாக்குகிறார்கள். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல் ஒலிகள் அடி ஒலியைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால் சுருதி தெளிவாகக் கேட்காது. நடுவில் சரியான எடை ஏறியதும் அவை 2, 3, 4 மடங்கு என்ற வரிசைக்கு நெருங்கி வருகின்றன. சர் சி. வி. ராமன் 1920இல் ஒரு குறிப்பிலும் 1934இல் விரிவான கட்டுரையிலும் இதை விளக்கினார். சோறு உதிர்ந்தால் இந்த வரிசை குலைகிறது, சுருதியும் ஏறுகிறது. புது மூட்டு போட்டால் வரிசை திரும்பிவிடும். புதுத் தோல் இழுபட்டு நிலைக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், மூட்டிய அன்றே கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் தவறு.

ஆகவே வயதைக் கட்டையில்தான் தேட வேண்டும். அதற்கு வாய்ப்பான நாள், மூட்டைக் கழற்றும் நாள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அறுத்த புதிதில் பலா மரம் நல்ல மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். வெளிப்புறத்துக்குச் சாயம் பூசிப் பழமை காட்டிவிடலாம். அதனால், வார் மறைக்கும் ஓர் இடத்தில் ஊசி முனையால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். மேல்பூச்சுக்குக் கீழே உடனே பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

புழுத் துளைகள் இன்னும் நன்றாகப் பேசும். மரத்தைத் துளைத்து வெளியேறும் வண்டு மேற்பரப்பில் சிறு வட்ட ஓட்டையைத்தான் விட்டுச் செல்லும். கட்டையின் மேல் வட்டங்களுக்குப் பதிலாக, பாதி திறந்த வாய்க்கால்கள் போல நீண்ட கோடுகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். புழு அரித்த பிறகே அந்த மரத்தைக் கடைந்திருக்கிறார்கள். அதாவது கருவியைவிட மரம் மூத்தது. இதில் ஏமாற்று இருக்க வேண்டியதில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள், பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குகிறார்கள். மரத்தின் வயது, கருவியின் வயது, தோலின் வயது என்று மூன்று இருக்கின்றன. விற்பவர் பெரும்பாலும் மூன்றில் பெரியதைச் சொல்வார்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் தீராதா என்று கேட்பார்கள். வெப்ப மண்டலத்தில் வளரும் பலாவில் ஆண்டு வளையங்களை எண்ணி நம்ப முடியாது. கதிரியக்கக் கார்பன் முறைக்கும் சுமார் 1650 முதல் 1950 வரையிலான காலம் குழப்பமானது. ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்தும். ஆனால் 1950களின் நடுப்பகுதியிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 மரத்தில் இருந்தால், அந்த மரப்பகுதி அதற்குப் பிறகு வளர்ந்தது என்பது உறுதி. பொய்யைப் பிடிக்க அந்தச் சோதனை உதவும். எண்பது வயதை அதனால் நிரூபிக்க முடியாது.

இனிப் பழுது. விரிசலை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருந்தால் மரத்தின் ரேகை அந்த இடத்தில் அறுபட்டு நிற்கும். விரல் முட்டியால் கட்டையைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், சரியாக ஒட்டாத இடத்தில் ஓசை மங்கும் அல்லது அதிரும். அதைவிடத் தொல்லை தருவது வாய் விளிம்பு. பல முறை மூட்டு மாற்றும்போது விளிம்பை ராவிச் சமப்படுத்துவார்கள். ஓரிடம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் தோலின் இழுப்பு சீராக இராது. வலந்தலையின் விளிம்பைச் சுற்றி வார் இழுக்கும் 16 இடங்களைக் கண்கள் என்பார்கள். எல்லாம் சுருதி சேர்ந்து ஒரு கண் மட்டும் சேராமல் நின்றால், அந்த இடத்துக்கு நேராகக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த மூட்டில் சேராத கண் வேறு இடத்துக்கு நகர்ந்தால் பழைய தோலில்தான் குறை இருந்தது. மறுபடியும் அதே கோட்டுக்கு எதிரே வந்து நின்றால், மூட்டுபவரிடம் புதுத் தோல் கேட்காமல் விளிம்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.